நீலச் சங்கிலி

வெளியே தென்னூர் ரோட்டில் தார் இளகுகிற வெயில் அடித்தாலும் டயாலிசிஸ் சென்டருக்குள் படுத்திருப்பவர்களுக்குக் குளிரும். ஏ.சி. ஒரு காரணம். உடம்பிலிருந்து குழாய் வழியே வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்புகிற ரத்தம் இன்னொரு காரணம். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், காலை ஆறு மணிக்குப் படுத்தால் பத்து மணி வரைக்கும் மாதவனுக்குப் பல் கிட்டிக்கொண்டுதான் இருக்கும்.

மாதவன் டிப்போவில் பஸ் மெக்கானிக்காக இருந்தவர். ஐம்பத்து மூன்று வயது. இரண்டு சிறுநீரகமும் போன பிறகு வேலையை விட்டாயிற்று. அவர் மனைவி வேணி கே.கே. நகர் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். ஒரு கிட்னியைத் தானே கொடுத்துவிடலாம் என்று நம்பிக்கையோடு பரிசோதனைக்குப் போனாள். அவளுக்கே சர்க்கரை இருப்பது அங்கேதான் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு உறுப்பு தானத்துக்கான அரசாங்கப் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறார்கள். பட்டியலில் என்ன நம்பர் என்று கேட்பதைக்கூட இப்போது விட்டாயிற்று.

போர்வை போர்த்தினால் டெக்னீசியன் ஜோஸ்வின் வந்து விலக்கிவிடுவான். மாதவனின் இடது முன்கையில், மணிக்கட்டுக்கு மேலே, ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களை இணைத்திருந்தார்கள். ஊசி இரண்டும் அங்கேதான் குத்துவார்கள்.

"அக்கா, இந்தக் கை எப்பவும் என் கண்ணுல படணும். ஊசி நழுவினா போர்வைக்குள்ளயே ரத்தம் போயிரும், தெரியவே தெரியாது" என்று அவன் முதல் வாரமே சொல்லியிருந்தான்.

அதனால்தான் வேணி ஒரு ஸ்வெட்டரைப் பின்ன ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் கற்றது கைக்கு மறக்கவில்லை. முன்பக்கம் பட்டன், காப்பிக்கொட்டை நிறம். வலது கை மணிக்கட்டு வரைக்கும். இடது கை முழங்கைக்கு மேலேயே நின்றுவிட வேண்டும்.

அந்த இடது கைக்கு ஒரு யோசனை சொன்னது மாதுரி. ஸ்ரீரங்கத்தில் இருப்பவள், காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். அவளுடைய அப்பா வரது பக்கத்துக் கட்டிலில் அதே நாட்களில் படுத்திருந்தார். அவளும் ஊசியும் நூலுமாகத்தான் உட்கார்ந்திருப்பாள். யூட்யூப் பார்த்துப் பழகியவள். ஆனாலும் வேணிக்குத் தெரியாத வித்தைகள் நிறைய வைத்திருந்தாள்.

"இடது கையை இப்பவே முடிச்சுப் போட்டுடாதீங்கோ, வேணி. நாளைக்கு உங்காத்துக்காரருக்குக் கிட்னி கிடைச்சா இந்த ஊசியெல்லாம் வேண்டாமே! அப்போ கை முழுசா வேணுமா வேண்டாமா? திறந்து பின்னிக்கற மாதிரி ஆரம்பிச்சுடுங்கோ" என்றாள் மாதுரி.

"எப்படிங்க திறக்கிறது? ஆரம்பிச்ச விளிம்பை அவுக்க முடியாதே."

"ப்ரொவிஷனல் கேஸ்ட் ஆன்னு ஒண்ணு இருக்கு, தற்காலிகமா ஆரம்பிச்சு வைக்கறது. காமிக்கறேன்."

வழுவழுப்பான நீலப் பருத்தி நூலை எடுத்து, குரோஷா கொக்கி ஊசியால் சங்கிலி மாதிரி ஒன்று போட்டாள் மாதுரி. வேணிக்கு எழுபத்திரண்டு கண்ணி, அதாவது பின்னல் வளையம், வேண்டும். கூடவே ஏழெட்டு சேர்த்துக்கொண்டாள். சங்கிலியின் முன்பக்கம் ஜடை மாதிரி தெரியும். புரட்டிப் பார்த்தால் முதுகில் சின்னச் சின்ன முடிச்சுகளாக மேடு இருக்கும். ஒவ்வொரு மேட்டுக்கு அடியிலும் பின்னல் ஊசியை விட்டுக் காப்பி நிற நூலை ஒரு கண்ணியாக இழுத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து மேலே தோள்வரைக்கும் வழக்கம்போலப் பின்னிக்கொண்டு போக வேண்டியதுதான். சங்கிலியை முடித்த முனையில் அடையாளத்துக்கு மாதுரி ஒரு முடிச்சுப் போட்டாள்.

"அவுக்கறச்சே இந்த முனையிலிருந்துதான் அவுக்கணும். அந்த முனையைப் பிடிச்சு இழுத்தேள்னா இறுகித்தான் போகும். பஞ்சு மாதிரி நூல்ல போட்டுடாதீங்கோ, ஒட்டிண்டுடும். நீலம் போயிடுத்துன்னா உங்க எழுபத்திரண்டு கண்ணியும் வாயைத் திறந்துண்டு நிக்கும். ஊசியில கோத்துண்டு கீழ்நோக்கிப் பின்ன வேண்டியதுதான்."

ஸ்வெட்டர் முடிந்து மாதவன் அதைப் போட்டுக்கொண்டபோது இடது கையின் விளிம்பு கொஞ்சம் சுருண்டு, நீலச் சங்கிலி வெளியே தெரிந்தது. மற்ற கட்டில்காரர்கள் டிசைன் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் அந்தச் சங்கிலியோடேயே அவர் அதைப் போட்டுக்கொண்டிருந்தார். துவைக்கிறபோதெல்லாம் வேணி அந்த முடிச்சு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். பட்டியலில் அவர் முறை வந்துவிட்டது என்று ஒரு போன் வரும், அன்றைக்கு இதை அவிழ்ப்போம் என்று அவளுக்குள் ஒரு எண்ணம். வெளியே சொன்னதில்லை.

இதற்கிடையில் வரது காலமாகிவிட்டார். ஒரு வியாழக்கிழமை பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அடுத்த வாரம் லால்குடியிலிருந்து வேறு ஒருவர் வந்து படுத்துக்கொண்டார். வேணி போன் செய்து துக்கம் கேட்டாள். அதன் பிறகு இரண்டு பேருக்கும் பேச எதுவும் இருக்கவில்லை.

ஆனியில் ஒரு காலை மாதவன் பல் தேய்க்கப் போகாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். இடது மணிக்கட்டை வலது கை விரலால் தொட்டுக்கொண்டிருந்தார்.

"வேணி, ஓடலை."

அந்த இணைப்பு எப்போதும் உள்ளே ரீங்காரம் போட்டுக்கொண்டே இருக்கும். விரலை வைத்தால் அதிரும். வேணி குனிந்து காதை வைத்துப் பார்த்தாள். இன்னும் அழுத்தி வைத்தாள். அவளுடைய மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது. அடைப்பை எடுக்க டாக்டர்கள் ஒரு நாள் முழுக்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை. கழுத்தில் தற்காலிகமாக ஒரு குழாயை வைத்து டயாலிசிஸைத் தொடர்ந்தார்கள். இடது கையில் இனி உருப்படியான நரம்பு இல்லை, வலது கையில்தான் புதிதாக இணைப்புச் செய்ய வேண்டும் என்றார்கள். அது தேறி ஊசி தாங்க எட்டு வாரம் ஆகும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மாதவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"போதும் வேணி. ஸ்பேனர் பிடிச்ச கை இது. பேப்பர் புரட்டுறதும் இதாலதான், நாலு வாய் அள்ளித் திங்கிறதும் இதாலதான். இதையும் அவங்க எடுத்துக்கிட்டா நாலு மணி நேரம் நான் என்ன, கட்டையா?"

வேணிக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. தைக்க வேண்டிய ஜாக்கெட் ஆறு கிடந்தது. சாதம் வடிக்க வேண்டும், அதோடு உப்பில்லாமல் இவருக்குத் தனிக் குழம்பு. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "எனக்கும் போதும்னுதாங்க இருக்கு. ஆனா நாளைக்குக் காலையில எந்திரிச்சா என்ன செய்யிறதுன்னு எனக்குத் தெரியலை" என்றாள்.

ஒரு மணி நேரம் கழித்து, "சரி, தேதி வாங்கிட்டு வா" என்றார்.

ஆபரேஷன் ஆயிற்று. டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து வலது கையால் பிசைந்துகொண்டே இருக்கச் சொன்னார். அவர் டிவி பார்த்துக்கொண்டே பிசைந்தார். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. ஸ்வெட்டரின் வலது கையைச் சுருக்கி இடது கையை நீட்ட வேண்டும் என்பது வேணிக்குத் தெரியும். எட்டு வாரம் அதற்குத் தாராளம். ஆனால் அவள் அதைத் தொடவில்லை. நீலச் சங்கிலியைப் பார்க்கும்போதெல்லாம், இதை இதற்காகவா போட்டேன் என்று தோன்றும். மடித்து வைத்துவிடுவாள்.

வலது கையில் முதல் ஊசி குத்துகிற செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. வேணி ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டாள். ஜோஸ்வின் விரலை விட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"இறுக்குது அக்கா. புதுசு இது, மேல இறுக்கினா அடைச்சுக்கும். கையை வெளியே எடுத்துருங்க."

வலது கையை முழுசாக வெளியே எடுத்தாயிற்று. இடது கை ஏற்கெனவே பாதி வெளியில். ஸ்வெட்டர் முதுகிலும் ஒரு தோளிலும் தொங்கிக்கொண்டிருக்க, அந்த மனுஷன் நாலு மணி நேரம் நடுங்கினார். எட்டரை மணிக்கு மேல் அவருடைய தாடை ஆடுகிற சத்தம் வேணிக்குக் கேட்டது. எட்டு வாரம் சும்மா இருந்துவிட்டோமே என்று அவளுக்கு அவள்மேலேயே வெறுப்பு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்வெட்டரை மடியில் போட்டுக் கணக்குப் பார்த்தாள். அந்த நிற நூல் எலுமிச்சம்பழம் அளவு ஓர் உருண்டைதான் மிச்சம். கடையில் அந்த நிறம் இப்போது வருவதில்லை. வலது கையை முழுக்கப் பிரித்து, அந்த நூலைக்கொண்டு இடது கையை மறுபடி பின்ன வேண்டும். ஜாக்கெட் வேலைக்கு நடுவில் மூன்று வாரம் ஆகும். அதுவரைக்கும்? அவள் போனை எடுத்து மாதுரியைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு ஆத்துக்கு வாங்கோ, ஸ்வெட்டரை எடுத்துண்டு. மிச்ச நூலையும் மறக்காதீங்கோ" என்று மாதுரி சொன்னாள். ஏன் இவ்வளவு நாள் பேசவில்லை என்று கேட்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் மாதவனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு வேணி பஸ் ஏறினாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ். காவிரிப் பாலத்தில் டிராஃபிக்கில் நின்றபோது அவள் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். ஸ்ரீரங்கத்தில் கண்டக்டர்தான் எழுப்பினார்.

மாதுரியின் ஃபிளாட் இரண்டாவது மாடியில் இருந்தது. அவள் இளைத்திருந்தாள். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தாள். காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நானும் பின்னறதை விட்டுட்டேன் வேணி. அப்பா போனதுலேர்ந்து ஊசியைத் தொடலை. செவ்வாய், வியாழன், சனி நாலரைக்கு முழிப்பு வந்துடறது. எழுந்து குளிச்சுட்டு எங்கே போறதுன்னு தெரியாம உக்காந்துண்டிருக்கேன்."

வேணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மாதுரி ஸ்வெட்டரை மேஜைமேல் விரித்தாள். வலது கையை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தாள். இடது கையின் நீல விளிம்பையும் பார்த்தாள்.

"இதுக்குப் போய் எதுக்குப் பின்னணும்? வேணுங்கற கை பின்னி ரெடியா இருக்கே" என்றாள்.

"புரியலைங்க."

"வலது கையை இங்கே குறுக்கே வெட்டி எடுத்துடலாம். கீழ்ப்பாகம் அப்படியே ஒரு துண்டா வந்துடும். அதோட மேல் விளிம்புல எழுபத்திரண்டு கண்ணி திறந்து நிக்கும். இடது கையில நீலத்தை அவுத்தா அங்கேயும் எழுபத்திரண்டு. ரெண்டையும் ஊசியால கோத்துட வேண்டியதுதானே? ஸ்வெட்டர் கையோட கீழ்ப்பாகத்துல இடம் வலம் கிடையாது."

வேணி இடது கையின் நீல விளிம்பை வலது கைமேல் வைத்துப் பார்த்தாள். மூன்று வார வேலை கண்ணெதிரே சுருங்கி ஒரு சாயங்காலத்துக்குள் வந்து நின்றது.

இரண்டு பேரும் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். இடது கையில் அக்குளிலிருந்து நீலச் சங்கிலி வரை எத்தனை வரி என்று எண்ணினார்கள், நாற்பது. வலது கையிலும் அக்குளிலிருந்து நாற்பது வரி எண்ணி, நாற்பத்தொன்றாவது வரிக்கு ஊசியால் அடையாளம் வைத்தார்கள். அந்த ஒரு வரியைத்தான் எடுக்க வேண்டும். உள்பக்கத் தையலை அந்த இடத்தில் பிரித்துக் கையை மேஜைமேல் தட்டையாக விரித்தார்கள். மாதுரி முன்ஜாக்கிரதையாக அந்த வரிக்கு மேலேயும் கீழேயும் மெல்லிய ஊசி ஒவ்வொன்றை எழுபத்திரண்டு கண்ணியிலும் கோத்துவிட்டாள். கண்ணி எதுவும் நழுவி ஓடக் கூடாது.

"வெட்டுங்கோ."

"நீங்க வெட்டுங்க. எனக்குப் பயமா இருக்கு."

"உங்க ஸ்வெட்டர். நீங்கதான்."

வேணி நகக் கத்திரியை எடுத்தாள். வரியின் நடுவில் ஒரே ஒரு கண்ணியின் நூலை வெட்டினாள். அங்கிருந்து ஊசி முனையால் நூலை ஒவ்வொரு கண்ணியிலிருந்தும் உருவிக்கொண்டே இரண்டு பக்கமும் போனார்கள். கடைசிக் கண்ணி விட்டதும், கையின் கீழ்ப்பாகம் தனியாக, ஒரு ஊசியில் தொங்கியபடி வேணியின் கையில் வந்துவிட்டது. எடையே இல்லை.

அடுத்து நீலச் சங்கிலி. முடிச்சு இருந்த முனையை வேணி அவிழ்த்தாள். மெல்ல இழுத்தாள். பத்துப் பன்னிரண்டு கண்ணி சரசரவென்று விட்டது. விட விட மாதுரி பின்னால் ஊசியில் வாங்கிக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு சிக்கியது. வேணி இன்னும் கொஞ்சம் இழுத்தாள், வரவில்லை.

"இழுக்காதீங்கோ. என்னன்னு பார்க்கலாம்." மாதுரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். "இங்கே மேட்டுக்கு அடியில விடாம, நீல நூலையே குத்திண்டு போயிருக்கு உங்க ஊசி. இழை பிரிஞ்சு நடுவுல மாட்டிண்டிருக்கு. ஆஸ்பத்திரியில உக்காந்து பின்னினா இப்படித்தான்."

அது எந்த நாள் என்று வேணிக்கு ஞாபகம் வந்தது. மாதவனுக்குப் பிரஷர் இறங்கி, ஜோஸ்வின் கால்மாட்டைத் தூக்கிவிட்டு ஓடியாடிய நாள். கையில் வேலையை வைத்துக்கொண்டு அவள் பார்க்காமலே பின்னிக்கொண்டிருந்தாள். அந்த மாதிரி ஏழு இடம் இருந்தது. ஒவ்வொன்றிலும் நீலத்தை மட்டும் வெட்டிப் பிசிறு பிசிறாக எடுத்தார்கள். அதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் வேணிக்குக் கண் கலங்கியது. மாதுரி பார்த்தும் பார்க்காத மாதிரி பிசிறைப் பொறுக்கினாள்.

எல்லாம் ஊசிக்கு வந்த பிறகு வேணி எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"எழுபத்தொண்ணுதாங்க இருக்கு. ஒண்ணு போயிடுச்சு."

"போகலை. இது கண்ணிக்கு அடிப்பக்கம் இல்லையா? ரெண்டு கண்ணிக்கு நடுவுல இருக்கற வளைவைத்தான் நாம பிடிச்சிருக்கோம். எழுபத்திரண்டுக்கு நடுவுல எழுபத்தொண்ணுதான் வரும். ஓரத்துல பாருங்கோ, பாதி வளைவு ஒண்ணு இருக்கு. அதையும் எடுத்துக்கோங்கோ, சரியாயிடும்."

இருந்தது. வேணி அதை எடுத்துக்கொண்டாள்.

கோக்கிற நூல் அகலத்துக்கு நாலு மடங்கு வேண்டும் என்று மாதுரி மூன்று முழம் அளந்து வெட்டினாள். மொட்டை முனைத் தையல் ஊசியில் அதைக் கோத்து வேணியிடம் கொடுத்தாள். மேலே இடது கையின் திறந்த விளிம்பு, கீழே வெட்டி எடுத்த துண்டின் திறந்த விளிம்பு. கீழே ஒன்று, மேலே ஒன்று என்று மாறி மாறிப் போக வேண்டும். ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஊசி இரண்டு தடவை நுழைந்து வந்த பிறகுதான் அதைப் பின்னல் ஊசியிலிருந்து விடலாம். இறுக்கக் கூடாது. பின்னின வரியின் தளர்ச்சி எவ்வளவோ அவ்வளவு. அப்படிச் செய்தால் நடுவில் தையல் என்று ஒன்று இருக்காது. பின்னலில் எடுத்துவிட்ட வரிக்குப் பதிலாக இன்னொரு வரி நூலால் எழுதின மாதிரி வந்துவிடும்.

முதல் பத்துக் கண்ணிக்கு மாதுரி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். அப்புறம் வேணிக்குக் கை பழகிவிட்டது. நாற்பது கண்ணி தாண்டியதும் முதுகு வலித்தது. மாதுரி, "கொடுங்கோ, கொஞ்ச நேரம் நான் போடறேன்" என்று வாங்கிக்கொண்டாள். அவள் விரல்கள் முதலில் தடுமாறின, பிறகு ஓட ஆரம்பித்தன. வேணி எழுந்து போய் பால்கனியில் நின்றாள். கீழே தெருவில் பூக்காரம்மா ஒருத்தி துளசியைத் தண்ணீர் தெளித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வேறு எதையும் நினைக்காமல் வேணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கண்ணி முடிந்து, உள்பக்கத் தையலைப் போட்டு, இடது கையை நீட்டிப் பிடித்தபோது மணி ஐந்தேமுக்கால். வலது கையின் மேல்பாகம் மட்டும் ஊசியோடு பாக்கி இருந்தது.

"இதை என்ன பண்ணலாம்?" என்று மாதுரி கேட்டாள். "நீல நூல்ல கோத்து அப்படியே விட்டுடலாமா? பின்னாடி வேணும்னா..."

வேணி கொஞ்சம் யோசித்தாள்.

"வேணாங்க. முடிச்சே போட்டுடலாம். திறந்து வச்சுக்கிட்டு தினம் அதைப் பார்த்துக்கிட்டு இருக்க எனக்கு இனிமே தெம்பு இல்லை. அவருக்குக் கிட்னி வந்தா, இன்னிக்கு வெட்டின மாதிரி அன்னிக்கும் வெட்டிக்கலாம்."

மிச்ச உருண்டையிலிருந்து விளிம்பு சுருளாமலிருக்க நாலு வரி பின்னித் தளர்வாக முடித்தார்கள். ஜோஸ்வின் விரல் விட்டுப் பார்ப்பான் என்று வேணி தன் விரல் இரண்டை விட்டுப் பார்த்தாள். தாராளமாகப் போயிற்று. இனி அந்த நிறத்தில் ஒரு சாண் நூல்தான் மிச்சம்.

கிளம்பும்போது மாதுரி வாசல்வரை வந்தாள். "சனிக்கிழமை நான் சென்டருக்கு வரட்டுமா? சும்மா, உங்களோட உக்காந்துண்டிருக்க."

"வாங்க. ஆறு மணிக்கே வாங்க" என்றாள் வேணி.

வீட்டுக்குப் போனதும் மாதவன் ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இடது கையை லைட்டுக்குக் கீழே நீட்டி, வலது கைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். பஸ்ஸின் பாடியில் வெல்டிங் எங்கே என்று தடவிக் கண்டுபிடிக்கிற விரல் அது. ஒரு தடவை போயிற்று. திரும்பி வந்தது. உள்பக்கம் ஓர் இடத்தில் நின்றது.

"இங்க ரெண்டு கண்ணி இறுகியிருக்கு."

"அது நான் போட்டது. முதல்ல கை வரலை."

"மத்ததெல்லாம் தெரியவே இல்லையே வேணி" என்றார். பல வாரம் கழித்து அவர் குரலில் மெக்கானிக் கொஞ்சம் தலைகாட்டினார். "வெட்டி ஒட்டின மாதிரியே இல்லை. எப்படிக் கோத்தீங்க, சொல்லு."

அவள் சொன்னாள். அடுப்படியில் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டே, கண்ணிக்குள் இரண்டு தடவை நுழைவதையும், ஓரத்துப் பாதி வளைவையும் சொன்னாள். அவர் நடுவில் கேள்வி கேட்டார்.

வியாழக்கிழமை காலை ஜோஸ்வின் வலது கையைப் பார்த்து, "ம், இப்ப சரி" என்று மட்டும் சொல்லி ஊசி குத்தினான். மெஷின் ஓட ஆரம்பித்தது. மாதவன் வலது கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, பழக்கமில்லாத இடது கையால் பேப்பரைப் புரட்டப் பார்த்தார். பேப்பர் நழுவி மூஞ்சியில் விழுந்தது. வேணி எழுந்து அதை நாலாக மடித்து அவர் இடது கையில் வாகாகச் சொருகினாள். அவர் தலையை ஆட்டினார். எட்டரை மணி தாண்டியும் தாடை ஆடவில்லை என்பதைக் கவனித்துவிட்டு, அவள் நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போனாள்.